மூடிய உரையாடலில் நகலெடுத்த பதில் எங்கே போயிற்று: அறிகுறி வாரியாகத் தேடும் முறை

சிங்கப்பூரில் எங்கள் வட்டார வசிப்போர் குழு நிலையத்தில் கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் உதவி கேட்டு வருவோர் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் சிக்கல் இது. ஏதோ ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை ஊழியருடன் இணையத்தில் உரையாடியிருப்பார்கள். அவர் எழுதிய பதிலை நகலெடுத்துக்கொண்டு சாளரத்தை மூடியிருப்பார்கள். பிறகு ஒட்டிப் பார்த்தால் வேறு ஏதோ வரும், அல்லது ஒன்றுமே வராது. இப்படிப்பட்ட உரையாடல்கள் பெரும்பாலும் சாளரம் மூடப்பட்டதும் நம் பக்கத்திலிருந்து மறைந்துவிடுவதால், நகலெடுத்ததைச் சாதனம் தற்காலிகமாக வைத்திருக்கும் இடமான கிளிப்போர்டில் தங்கியிருக்கும் நகல் ஒன்றே உடனடியாகக் கைக்கு எட்டும் வழியாக எஞ்சுகிறது.

தேடத் தொடங்கும் முன் மூன்று செயல்களைத் தவிர்க்க வேண்டும்: புதிதாக எதையும் நகலெடுக்கக் கூடாது, சாதனத்தை அணைத்து மறுபடியும் இயக்கக் கூடாது, கிளிப்போர்டை வெறுமையாக்கும் எந்தப் பொத்தானையும் தொடக் கூடாது. இந்த வழிமுறையைக்கூட இயன்றவரை வேறொரு சாதனத்தில் வாசியுங்கள். அதே கைப்பேசியில் தேடுசொல் ஒன்றை நகலெடுத்து ஒட்டியதாலேயே, அதுவரை பத்திரமாக இருந்த பதிலை இழந்தவர்கள் உண்டு.

கணினியில் உலாவியின் தாவலை மூடிச் சில நிமிடங்களே ஆகியிருந்தால், கிளிப்போர்டுக்குப் போகும் முன் `Ctrl + Shift + T` அழுத்திப் பாருங்கள். மேக்கில் அது `Command + Shift + T`. மூடிய தாவல் திரும்பத் திறக்கும். உரையாடல் நிறுவனத்தின் பக்கத்தில் இன்னும் முடிக்கப்படாமல் இருந்தால், முழுப் பேச்சும் கண்முன் வந்துவிடுவதும் உண்டு. மறைநிலைச் சாளரத்தில் உரையாடியிருந்தால் இது பெரும்பாலும் பலிக்காது.

## விண்டோஸ் கணினி: ஒட்டினால் வேறு ஏதோ வருகிறது

இதுவே மிக எளிய நிலை. பதிலை நகலெடுத்த பிறகு வேறொன்றை நகலெடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். `Notepad` செயலியைத் திறந்து, அதன் வெற்றிடத்தில் ஒருமுறை சொடுக்கி, `Win + V` அழுத்துங்கள். கிளிப்போர்டு வரலாறு ஏற்கெனவே இயக்கப்பட்டிருந்தால் ஒரு சிறு பலகை திறந்து, அண்மையில் நகலெடுத்தவற்றைப் புதியது மேலே இருக்கும்படி காட்டும். இந்த வசதி 2018ஆம் ஆண்டின் விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து இருக்கிறது. அதிகபட்சம் 25 உருப்படிகளை அது வைத்திருக்கும். உங்கள் பதில் தெரிந்தால் அதன்மீது சொடுக்கினால் போதும், `Notepad`இல் ஒட்டிக்கொள்ளும். உடனே கோப்பைச் சேமியுங்கள். அதன்பின் அதே உருப்படியின் அருகிலுள்ள ஊசிப் படத்தை அழுத்தி வைத்தால், கணினியை மறுபடியும் இயக்கினாலும் அது நீங்காது.

`Notepad`ஐ முதலில் திறக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலகையில் சொடுக்கும் உருப்படி, அதற்கு முன் நீங்கள் கர்சரை வைத்திருந்த இடத்தில்தான் போய் ஒட்டும். எழுதும் இடம் எதுவும் தேர்வாகாத நிலையில் சொடுக்கினால் திரையில் ஒன்றும் நிகழாது. வரலாறு பழுதாகிவிட்டது என்று பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

## `Win + V` அழுத்தினால் `Turn on` என்று கேட்கிறது

இதுவரை வரலாறு இயக்கப்படவே இல்லை என்று பொருள். அப்படியானால் கணினியிடம் இருப்பது கடைசியாக நகலெடுத்த ஒன்று மட்டுமே. `Turn on` பொத்தானை அழுத்துவதற்கு முன்பே `Notepad`க்குப் போய் `Ctrl + V` அழுத்தி, அந்த ஒன்று என்னவென்று பார்த்துச் சேமித்துவிடுங்கள். அது உங்கள் பதிலாக இருந்தால் காரியம் முடிந்தது. இல்லையென்றால் வரலாற்றை இப்போது இயக்கினாலும் பழையது திரும்பாது. அது இனிமேல் நகலெடுப்பவற்றுக்குத்தான் பயன்படும். இந்த நிலையில் நேரடியாகக் கடைசிப் பகுதிக்குச் செல்லுங்கள்.

அலுவலக மடிக்கணினியில் `Settings > System > Clipboard` பக்கத்தில் வரலாற்றுக்கான பொத்தான் மங்கலாக, அழுத்த முடியாதபடி இருந்தால், உங்கள் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு அதைக் கொள்கையளவில் தடுத்திருக்கிறது. வாடிக்கையாளர் தகவலைக் கையாளும் இடங்களில் இதற்கு நியாயமான காரணம் இருப்பதால், சுற்றுவழி தேடாமல் அந்தப் பிரிவிடமே கேளுங்கள். அவர்களாலும் பழைய நகலைக் கொண்டுவர முடியாது.

## வரலாறு திறக்கிறது, மற்றவை இருக்கின்றன, அந்தப் பதில் மட்டும் இல்லை

இந்த அறிகுறியில்தான் நிதானம் தேவை. பட்டியலில் இல்லாத ஒன்றை வெறித்துப் பார்ப்பதைவிட, பட்டியலில் இருப்பவற்றை வாசித்தால் விடை கிடைத்துவிடும். உரையாடலுக்கு முன் எதை நகலெடுத்தீர்கள், பின் எதை நகலெடுத்தீர்கள் என்று நினைவுபடுத்திக்கொண்டு, அவை இரண்டும் பட்டியலில் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

முன்னதும் பின்னதும் இருந்து, நடுவே பதில் மட்டும் இல்லையென்றால், நீங்களே அந்த ஒன்றைக் குப்பைத்தொட்டிப் படத்தால் நீக்கியிருந்தாலொழிய, அது நகலெடுக்கப்படவே இல்லை என்று கொள்ளலாம். பெரும்பாலும் எழுத்துகளை நீலமாகத் தேர்ந்தெடுத்ததோடு நின்றிருப்பீர்கள்; அல்லது `Ctrl + C` அழுத்திய நொடியில் கர்சர் உரையாடலின் தட்டச்சுப் பெட்டிக்குள் இருந்திருக்கும். வரலாற்றில் பதிய வேண்டாம் என்று ஒரு செயலியே விண்டோஸிடம் சொல்லிவிடுவதும் உண்டு. கடவுச்சொல் காப்புச் செயலிகள் அப்படிச் செய்கின்றன. சாதாரண உரையாடல் பக்கங்களில் இதை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

பட்டியலில் ஆகப் பழையதாக இருப்பதே உரையாடலுக்குப் பிறகு நகலெடுத்தது என்றால், இரண்டு காரணங்கள் இருக்கலாம். உருப்படிகளை எண்ணிப் பாருங்கள். 25 இருந்தால், புதியவை வந்து உங்கள் பதிலை வெளியே தள்ளியிருக்கின்றன. விரிதாளில் ஒவ்வொரு கட்டமாக நகலெடுத்து வேலை செய்பவருக்கு 25 என்பது அரை மணி நேரத்திற்குக்கூடத் தாங்காது. நாலைந்து மட்டுமே இருந்தால், இடையில் கணினி மறுபடியும் இயக்கப்பட்டிருக்கிறது, அல்லது யாரோ `Clear all` அழுத்தியிருக்கிறார்கள். நீங்கள் கணினியைத் தொடாவிட்டாலும், இரவில் புதுப்பிப்பு ஒன்று நிறுவப்பட்டு அது தானே மறுபடியும் இயங்கியிருக்கலாம். மூடியை மடித்துத் தூங்க வைத்ததால் மட்டும் வரலாறு அழிவதில்லை.

இந்த இரு நிலைகளிலும் விண்டோஸ் வரலாற்றில் மேற்கொண்டு தேடப் பயனில்லை. ஒரு சிறு விதிவிலக்கு உண்டு: `Sync across your devices` என்ற தெரிவை முன்பே இயக்கி, அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் இன்னொரு கணினியையும் வைத்திருந்தால், அங்கேயும் ஒருமுறை `Win + V` அழுத்திப் பாருங்கள்.

## பதில் கிடைத்தது, ஆனால் பாதிதான் இருக்கிறது

எங்கள் புளோக்கிலுள்ள ஓர் அக்காவுக்கு நேர்ந்ததை இங்கே முழுமையாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்த அறிகுறிக்குரிய மூன்று காரணங்களும் அதில் அடுத்தடுத்து வந்தன. புது வீட்டுக்கு மாறும்போது இணைய இணைப்பையும் மாற்றுவதற்காக அவர் தம் சேவை நிறுவனத்துடன் மடிக்கணினியில் உரையாடினார். என்னென்ன ஆவணங்கள் வேண்டும், பழைய மோடத்தை என்ன செய்ய வேண்டும், தொழில்நுட்பர் எந்த நேரத்தில் வருவார் என்று ஊழியர் விரிவாக எழுதினார். அக்கா அதை நகலெடுத்துவிட்டுச் சாளரத்தை மூடினார். பிறகு ஒரு பொட்டலத்தின் கண்காணிப்பு எண், புது வீட்டு முகவரி, மகனின் பள்ளி அறிவிப்பிலிருந்து ஒரு வரி என்று மூன்றை நகலெடுத்துவிட்டு, மாலையில் என்னிடம் வந்தார்.

`Win + V` அழுத்தியதும் பதில் நான்காவதாக நின்றது. அதில் முதல் சில வரிகள் மட்டுமே தெரிந்ததைப் பார்த்து, மீதி போய்விட்டது என்று அவர் பதறினார். பலகை எப்போதும் தொடக்கத்தை மட்டும்தான் காட்டும்; உள்ளே முழுவதும் இருக்கும். ஆக, பலகையைப் பார்த்து முடிவு கட்டாமல் ஒட்டிப் பார்ப்பதே முதல் சோதனை.

அவர் முன்பே ஒட்டிப் பார்த்ததாகச் சொன்னார். எங்கே என்று கேட்டபோது, படிவம் ஒன்றின் ஒற்றை வரிக் கட்டத்தைக் காட்டினார். அத்தகைய கட்டங்கள் முதல் வரியை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றவற்றைக் கைவிடலாம், அல்லது வரிகளை எல்லாம் ஒன்றாக நெரித்துவிடலாம். இது இரண்டாவது காரணம். அதே உருப்படியை `Notepad`இல் ஒட்டியதும் ஆவணப் பட்டியலும் மோடம் பற்றிய குறிப்பும் தொழில்நுட்பர் வரும் நேரமும் முழுதாக வந்து விழுந்தன.

ஆனாலும் கோரிக்கை எண் இல்லை. ஊழியர் அதைத் தனிக் குமிழியாக, கடைசிச் செய்தியாக அனுப்பியிருக்கிறார். அக்கா நகலெடுத்ததோ அதற்கு முந்திய குமிழியை மட்டும். இது மூன்றாவது காரணம். இதற்குக் கிளிப்போர்டில் தீர்வு இல்லை, ஏனெனில் அந்த எண் ஒருபோதும் அங்கே வந்ததே இல்லை. ஆயினும் கைக்குக் கிடைத்த பகுதி வீணாகவில்லை. தொழில்நுட்பர் வரும் தேதியும் நேரமும் அதில் இருந்ததால், நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது அவற்றை வைத்தே அவர்கள் கோரிக்கையைத் தேடி எடுத்து எண்ணைத் தந்தார்கள்.

ஒட்டும்போது எழுத்துகளுக்குப் பதிலாகப் பெட்டிகளோ, வண்ணப் பின்னணியோ, குழம்பிய வரிகளோ வந்தால், பெரும்பாலான உலாவிகளில் `Ctrl + Shift + V` வெறும் எழுத்தாக ஒட்டும்.

## ஆண்ட்ராய்டு கைப்பேசி: விசைப்பலகையின் கிளிப்போர்டு காலியாக இருக்கிறது

ஆண்ட்ராய்டில் வரலாற்றை வைத்திருப்பது பெரும்பாலும் நீங்கள் பயன்படுத்தும் விசைப்பலகைச் செயலி. எனவே முதல் கேள்வி, நகலெடுத்த நேரத்தில் எந்த விசைப்பலகை செயல்பாட்டில் இருந்தது என்பது. தமிழில் தட்டச்சு செய்ய ஒன்று, ஆங்கிலத்துக்கு இன்னொன்று என்று இரண்டை வைத்திருப்போர் நம்மில் நிறைய உண்டு. ஆண்ட்ராய்டு 10 முதல், பின்னணியில் இருக்கும் செயலிகள் கிளிப்போர்டை வாசிக்க முடியாது. திரையில் முன்னால் இருக்கும் செயலியும், இயல்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விசைப்பலகையும் மட்டுமே வாசிக்கலாம். ஆகவே கூகிளின் ஜிபோர்டு விசைப்பலகை இயல்பாக இருந்தபோது நகலெடுத்ததைச் சாம்சங் விசைப்பலகையின் கிளிப்போர்டில் தேடினால் கிடைக்கும் என்று நம்புவதற்கில்லை. அன்று இருந்த விசைப்பலகைக்கே மாறி அங்கே தேடுங்கள்.

ஏதாவது ஒரு குறிப்புச் செயலியில் எழுதும் இடத்தைத் தொட்டு, விசைப்பலகை மேலெழுந்ததும் அதன் மேற்பட்டையிலுள்ள கிளிப்போர்டு படத்தைத் தொடுங்கள். படம் தெரியாவிட்டால் பட்டையின் ஓரத்திலுள்ள கூடுதல் தெரிவுகளுக்குள் ஒளிந்திருக்கும். ஜிபோர்டில் கிளிப்போர்டை இயக்கும்படி கேட்டால், இதுவரை அது சேமிக்கவில்லை என்று பொருள். அப்போது எழுதும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து `Paste` கொடுத்து, கடைசியாக நகலெடுத்ததையாவது மீட்டுக்கொள்ளுங்கள்.

இயக்கத்தில் இருந்தும் காலியாக இருந்தால், நேரம் கடந்திருக்கிறது. ஜிபோர்டு நகல்களை ஒரு மணி நேரமே வைத்திருக்கும். அதன் பிறகும் எஞ்ச வேண்டுமானால், உருப்படியை அழுத்திப் பிடித்து ஊசியால் குத்தி வைத்திருக்க வேண்டும். ஸ்விஃப்ட்கீ விசைப்பலகையிலும் இதே ஒரு மணி நேர வரம்புதான். ஆண்ட்ராய்டு 13 முதல், இயங்குதளமும் சிறிது நேரம் கழித்துக் கடைசி நகலைத் தானாகவே அழித்துவிடுகிறது. எனவே கைப்பேசியில் உரையாடியவர் அன்றைக்கு மாலையில் உதவி கேட்டு வந்தால், ஜிபோர்டில் எனக்குப் பெரும்பாலும் நம்பிக்கை இருப்பதில்லை. விண்டோஸில் அதே மாலை நேரம் ஒரு பொருட்டே அல்ல.

## ஐஃபோனும் மேக்கும்

ஐஃபோனில் கிளிப்போர்டு வரலாறு கிடையாது. கடைசியாக நகலெடுத்த ஒன்று மட்டுமே இருக்கும். `Notes` செயலியில் புதிய குறிப்பைத் திறந்து, விரலை அழுத்திப் பிடித்து `Paste` கொடுங்கள். வந்தது பதிலாக இருந்தால் நல்லது; வேறாக இருந்தால் அந்தக் கைப்பேசியில் தேடல் அத்துடன் முடிந்தது. இப்போது பதிவிறக்கும் எந்தச் செயலியாலும், தான் நிறுவப்படுவதற்கு முன் மறைந்த நகலை எடுத்துத் தர இயலாது. மீட்டுத் தருவதாகச் சொல்லி மாதச் சந்தா கேட்கும் செயலிகளுக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

மேக்கில், 2025இல் வெளிவந்த மேக்ஓஎஸ் 26 முதல், அதன் தேடல் வசதியான ஸ்பாட்லைட்டுக்குள் வரலாறு இருக்கிறது. `Command + Space` அழுத்தி, பிறகு `Command + 4` அழுத்தினால் திறக்கும். அதுவும் முன்பே இயக்கப்பட்டிருந்தால்தான் பயன். நகல்களை அது எப்போதைக்குமாக வைத்திருப்பதும் இல்லை. அதற்கு முந்திய பதிப்புகளில் `Finder`இன் `Edit` பட்டியிலுள்ள `Show Clipboard`, கடைசி உருப்படியை மட்டும் காட்டும்.

## எதிலும் கிடைக்கவில்லை: யாரிடம் போவது

பழுது பார்க்கும் கடைக்குப் போக வேண்டாம். அழிந்த படங்களையும் கோப்புகளையும் வட்டிலிருந்து மீட்கும் வேலை வேறு. கிளிப்போர்டு பெரும்பாலும் நினைவகத்தில் மட்டுமே வாழ்வதால், கடைக்காரர் மீட்டெடுக்க அங்கே ஒரு கோப்பு இருக்காது. கருவியைக் கையாளுவதில்தான் தடுமாற்றம் என்றால், மேற்சொன்ன சோதனைகளைப் பக்கத்தில் அமர்ந்து செய்துதர நூலகங்களிலும் சமூக மன்றங்களிலும் உள்ள எஸ்ஜி டிஜிட்டல் சமூக நடுவங்களின் தூதர்களை அணுகலாம்.

பதிலின் இன்னொரு பிரதி இருக்கக்கூடிய இடம் அந்த நிறுவனமே. முதலில் உங்கள் மின்னஞ்சல் பெட்டியில், வேண்டாத அஞ்சல்களின் பெட்டி உட்பட, உரையாடல் பதிவு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். உரையாடல் முடிந்ததும் அதைத் தானாகவே அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. வரவில்லையென்றால் வாடிக்கையாளர் சேவையிடமே அதைக் கேளுங்கள். உரையாடிய நாள், ஏறத்தாழ எந்த நேரம், உரையாடலில் கொடுத்த பெயரும் மின்னஞ்சலும், பேசிய பொருள் ஆகியவற்றைச் சொன்னால் தேடுவது அவர்களுக்கு எளிது.

அவர்கள் தட்டிக்கழித்தால், சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவலைப் பார்க்கும்படி எழுத்துவழி கோரலாம். ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியைப் பொதுவில் தெரிவிக்க வேண்டும். அது பெரும்பாலும் இணையத்தளத்தின் அடியிலுள்ள தனியுரிமைப் பக்கத்தில் இருக்கும். நிறுவனம் இயன்ற விரைவில் பதிலளிக்க வேண்டும். 30 நாள்களுக்குள் முடியாதென்றால், எப்போது முடியும் என்பதை அந்த 30 நாள்களுக்குள்ளேயே தெரிவிக்க வேண்டும். நியாயமான கட்டணம் வசூலிக்கவும் அதற்கு அனுமதி உண்டு. நாளும் பொழுதும் செலவாகும் வழி என்பதால் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். தவணைத் தொகை, காப்புறுதி இழப்பீடு, வருகை உறுதி போன்று பிற்பாடு வாக்குவாதம் எழக்கூடிய பதில்களுக்கே இது தகும். சட்டத்தில் விதிவிலக்குகளும் உண்டு. ஊழியர் எழுதிய பொதுவான குறிப்புகள் அனைத்தும் உங்களைப் பற்றிய தகவலாகக் கருதப்படாமல் போகலாம். அரசாங்க அமைப்புகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது; அங்கே நடந்த உரையாடலுக்கு, அந்த அமைப்பிடமே பதிவைக் கேட்டுப் பார்க்கலாம்.

பதில் எந்த வழியில் கிடைத்தாலும், அடையாள அட்டை எண்ணோ வங்கிக் கணக்கு எண்ணோ அதில் இருந்தால், கோப்பாகச் சேமித்த பிறகு வரலாற்றிலிருந்து அந்த ஓர் உருப்படியை மட்டும் குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தி நீக்கிவிடுங்கள். வீட்டில் ஒரே மடிக்கணினியை, ஒரே கணக்கில் பலரும் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அடுத்து `Win + V` அழுத்துபவரின் கண்ணில் அதுவே படும்.